வளைகோடு அச்சைத் தொடாது

குவிலென்சின் குவியத் தொலைவு காணும் செய்முறையைப் பள்ளியில் செய்தவர்களுக்கு அந்த கிராஃப் தாள் நினைவிருக்கும். கிடை அச்சில் பொருளின் தொலைவு u, செங்குத்து அச்சில் பிம்பத்தின் தொலைவு v. புள்ளிகளைச் சேர்த்தால் இரண்டு அச்சுகளையும் நோக்கிச் சரியும் ஒரு வளைகோடு வரும். வெட்டுத்துண்டிலிருந்து f கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதும், அந்த வளைகோட்டின் வாலைக் கையால் இழுத்து அச்சில் முட்டவைத்துவிடும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. உண்மையில் அது எங்கே போனாலும் முட்டாது.

ஏன் முட்டாது என்பதைக் கைக்கணக்காகவே பார்த்துவிடலாம். லென்சின் குவியத் தொலைவு 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளக்கொளி விழும் கம்பி வலையை 60 செ.மீ. தள்ளி வைத்தால் பிம்பம் மறுபக்கம் 20 செ.மீ.யில் விழும். வலையை 3 மீட்டருக்குக் கொண்டுபோனால் பிம்பம் 15.8 செ.மீ.க்கு வரும். வலைக்குப் பதிலாக மைதானத்துக்கு அப்பால் 100 மீட்டரில் நிற்கும் வேப்பமரத்தைப் பிடித்தால் 15.02 செ.மீ. எவ்வளவு தள்ளிப் போனாலும் பிம்பம் 15-ஐத் தாண்டி லென்சுக்கு அருகில் வருவதில்லை. v பூச்சியம் ஆனால்தான் வளைகோடு கிடை அச்சைத் தொடும். அப்படியென்றால் பிம்பம் லென்சின் மேலேயே விழ வேண்டும். தூரத்தில் உள்ள எந்தப் பொருளுக்கும் அது நடக்காது. ஆகவே வளைகோடு அச்சுக்கு 15 செ.மீ. உயரத்தில் உள்ள ஒரு கோட்டை நெருங்கிக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் u-v வரைபடத்தில் வெட்டுத்துண்டு என்று சொல்வது எதை? ஆதிப்புள்ளியிலிருந்து 45 பாகையில் ஒரு நேர்கோடு வரைகிறோம். அந்தக் கோட்டின் மேல் எங்கும் u-வும் v-யும் சமம். அது வளைகோட்டைச் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு அச்சுகளுக்கும் செங்குத்துக் கோடுகள் இறக்கினால், அவை அச்சுகளில் வெட்டும் நீளம் ஒவ்வொன்றும் 2f. நம் லென்சுக்கு 30 செ.மீ. அதைப் பாதியாக்கினால் 15. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம், இரண்டும் பூச்சியத்தில் தொடக்கம். தாளில் இடம் போதவில்லை என்று ஒரு அச்சில் 1 செ.மீ.க்கு 5 என்றும் மற்றதில் 10 என்றும் எடுத்துவிட்டு, பாகைமானி வைத்து 45 பாகை வரைந்தால் விடை கெட்டுவிடும். அப்படி எடுத்தே ஆகவேண்டுமென்றால் பாகைமானியைத் தூக்கி வைத்துவிட்டு (10, 10), (50, 50) என்ற புள்ளிகளை இணைத்துக் கோடு போடலாம்.

அச்சை நிஜமாகவே வெட்டும் கோடு வேண்டுமானால் தலைகீழிகளுக்குப் போகவேண்டும். குறிகளை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொண்டால் லென்சுச் சமன்பாடு 1/u + 1/v = 1/f. ஆகவே 1/u-வைக் கிடையிலும் 1/v-யை நெடுக்கிலும் குறித்தால் வளைகோடு நேர்கோடாகிவிடும். 1/u பூச்சியம் ஆகும் இடத்தில் 1/v-யின் மதிப்பு 1/f. 1/u பூச்சியம் என்றால் பொருள் முடிவிலாத் தொலைவில் இருக்கிறது என்று அர்த்தம். செய்முறை தொடங்கும்போது ஜன்னலுக்கு வெளியே உள்ள மரத்தின் பிம்பத்தைச் சுவரில் பிடித்துத் தோராயமாக f காண்கிறோமே, அதே வேலையைத்தான் இந்த வெட்டுத்துண்டும் தாளில் செய்கிறது.

தொலைவுகளை மீட்டரில் எழுதித் தலைகீழி எடுப்பது நல்லது, 0.0167, 0.05 என்று பூச்சியங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். u = 0.60, v = 0.20 என்பது (1.67, 5.00) என்ற புள்ளி. இரண்டும் 0.30 என்றால் (3.33, 3.33). u = 0.20, v = 0.60 என்றால் (5.00, 1.67). மூன்றையும் சேர்த்து நீட்டினால் இரண்டு அச்சுகளையும் 6.67-இல் வெட்டும். 1-ஐ 6.67-ஆல் வகுத்தால் 0.15 மீட்டர். கண்ணாடிக் கடையில் பவர் என்று சொல்லும் டயாப்டர் எண்ணும் இந்த 6.67-தான்.

இங்கே ஒரு தவறு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். புள்ளிகள் எல்லாம் 1.67-க்கும் 5-க்கும் நடுவில் கிடப்பதால், தாளை மிச்சம் பிடிக்க இரண்டு அச்சுகளையும் 1-இல் தொடங்குகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கோடு அவருடைய அச்சுகளை 5.67-இல் வெட்டும், f 17.6 செ.மீ. என்று வரும். இரண்டு வெட்டுத்துண்டும் அச்சுப் பிசகாமல் சமமாக இருப்பதால் சந்தேகமே எழாது. மரத்தின் பிம்பத்தை வைத்து முதலில் கண்ட 15 செ.மீ.யோடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும். தோராய அளவை நோட்டில் எழுதச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான நிலைமையும் வரும். அச்சு பூச்சியத்தில்தான் தொடங்கியது, புள்ளிகளும் ஒழுங்காக ஒரே கோட்டில் விழுந்தன. ஆனால் கோடு நெடுக்கு அச்சை 6.90-இலும் கிடை அச்சை 6.45-இலும் வெட்டுகிறது. அதாவது ஒரே லென்சுக்கு 14.5, 15.5 என்று இரண்டு குவியத் தொலைவுகள். பெரும்பாலும் இது தாங்கியின் வேலை. லென்சைப் பிடித்திருக்கும் தாங்கியின் குறிக்கோடும் லென்சின் நடுவும் ஒரே இடத்தில் இல்லாமல் அரை செ.மீ. விலகியிருந்தால், ஒவ்வொரு அளவீட்டிலும் u அரை செ.மீ. கூடும், v அரை செ.மீ. குறையும். எத்தனை முறை திரும்ப அளந்தாலும் இந்தப் பிழை சராசரியில் கரையாது, ஏனென்றால் எப்போதும் ஒரே பக்கமாகவே சாய்கிறது. சோதித்துப் பார்ப்பது எளிது. தாங்கியை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்து மறுபடி அளந்தால், பெரிய வெட்டுத்துண்டும் சிறியதும் அச்சு மாறிக்கொள்ளும். மாறினால் குற்றவாளி தாங்கிதான்.

இந்தப் பிழை வந்தாலும் விடை தப்பிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 6.90, 6.45 இரண்டின் சராசரி ஏறத்தாழ 6.67, f மீண்டும் 15 செ.மீ. பழைய u-v வளைகோட்டிலோ இந்த அரை செ.மீ. விலகல் 2f-ஐ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நகர்த்துவதில்லை. ஒரு தொலைவில் கூடியது மறு தொலைவில் குறைவதால், இரண்டும் சமமாகும் புள்ளி ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. குவியத் தொலைவு மட்டும் போதும் என்றால் u-v வளைகோடே பாதுகாப்பானது. கருவியில் என்ன கோளாறு என்று தெரியவேண்டுமானால் தலைகீழி வரைபடம்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் அது காட்டிக்கொடுப்பதற்கு மாணவர் இடம் தரவேண்டும். இரண்டு வெட்டுத்துண்டும் சமமாக வரவேண்டும் என்று படித்துவிட்டு, கோட்டைக் கொஞ்சம் சாய்த்து இரண்டையும் 6.67-இல் கொண்டுபோய் நிறுத்துவது ஆய்வகங்களில் சகஜம். புள்ளிகள் கோட்டை விட்டு ஒரு முனையில் மேலேயும் மறு முனையில் கீழேயும் நிற்பதைப் பார்த்தாலே, அனுபவமுள்ள ஆசிரியருக்கு அது தெரிந்துவிடும். செய்முறைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம்: கோட்டைப் புள்ளிகளுக்காக வரையுங்கள், வந்த இரண்டு எண்களையும் வந்தபடியே ரெக்கார்டு நோட்டில் எழுதுங்கள், அதற்குக் கீழே சராசரியைப் போடுங்கள்.