கெல்டிக் கிராஸ்: பத்துச் சீட்டுகளும் அவற்றின் இடங்களும்

டாரட் கட்டில் உள்ள 78 சீட்டுகளில் பத்தை எடுத்து, ஆறைச் சிலுவையாகவும் நான்கை அதன் வலப்பக்கத்தில் கோல்போலவும் பரப்பும் முறைக்குக் கெல்டிக் கிராஸ் என்று பெயர். 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித்தின் ஓவியங்களோடு ஒரு சீட்டுக்கட்டு வெளிவந்தது. அதை உருவாக்கிய ஆர்தர் எட்வர்ட் வெயிட், அடுத்து எழுதிய விளக்க நூலில் இம்முறையைச் சேர்த்தார். அந்த நூலின் வழியாகவே இது பரவலானது. பழங்காலக் கெல்ட் மக்களின் முறை என்று அவர் எழுதியதற்குச் சான்று கிடையாது. டாரட் சீட்டுகளே 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காகத் தோன்றியவைதான்.

இம்முறையில் ஒரு சீட்டின் பொருளைப் பாதிக்கு மேல் அது விழும் இடமே முடிவு செய்கிறது. சம்பள வேலையை விட்டுத் தையற்கடை வைக்கலாமா என்று ஒரு பெண் கேட்பதாகக் கொண்டால் இது விளங்கும்.

நடுவில் வைக்கும் முதல் சீட்டு, இன்றைய நிலைமை. அங்கே ‘எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ்’ விழுகிறது: பலகையில் அமர்ந்து நாணயத்தைச் செதுக்கும் இளைஞன். கைத்தொழிலில் மனம் ஊன்றியிருப்பதை அது காட்டும். அதன்மேல் குறுக்காக வைக்கும் இரண்டாவது சீட்டு, எதிர்த்து நிற்பது. அங்கே ‘ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ்’: ஒரு நாணயத்தைத் தலையில் வைத்து, ஒன்றை மார்போடு இறுக்கி, இரண்டைக் காலால் அழுத்தியிருக்கும் மனிதன். கையில் இருக்கும் வருமானத்தை விடத் துணிவு வரவில்லை. இந்த இடத்தில் நல்ல சீட்டு வந்தால், தடை லேசானது என்றோ, நல்ல விஷயமே இந்தக் காரியத்துக்கு உதவாது என்றோ கொள்ளலாம். படுக்கையாகக் கிடப்பதால் இதற்குத் தலைகீழ்ப் பொருள் பார்ப்பதில்லை.

மேலே வைக்கும் மூன்றாவது சீட்டு, கேட்பவரின் இலக்கு அல்லது இந்தச் சூழலில் எட்டக்கூடிய உச்சம். மேட்டில் நின்று கப்பல்களைப் பார்க்கும் மனிதனைக் கொண்ட ‘த்ரீ ஆஃப் வாண்ட்ஸ்’ அங்கே வந்தால், தொழில் விரியும் என்ற கனவு இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். அது நடக்கும் என்று சொல்வது தவறு. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கீழே வைக்கும் நான்காவது சீட்டு அடித்தளம், ஒருபக்கம் வைக்கும் ஐந்தாவது கடந்தகாலம். இரண்டும் பழையதைப் பற்றியவைதான். ஆனால் அடித்தளம் கேட்பவரோடு ஒன்றிவிட்டது. ஐந்தாவது இடத்தில் உள்ளதோ விலகிக்கொண்டிருக்கிறது. நான்கில் சிறுவயது நினைவைக் குறிக்கும் ‘சிக்ஸ் ஆஃப் கப்ஸ்’ வந்தால், இளமையில் பழகிய தொழில் என்று பொருந்தும். ஐந்தில் பனியில் நடக்கும் இரு ஏழைகளின் ‘ஃபைவ் ஆஃப் பென்டகிள்ஸ்’ வந்தால், பணக்கஷ்டம் தீர்ந்து வருகிறது என்று பொருள். ஆறாவது, விரைவில் வந்து சேரப்போவது. மூன்றுமுதல் ஆறுவரையிலான வரிசை ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். எனவே எந்த இடத்துக்கு எந்த எண் என்பதைக் கலைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கோல் கீழிருந்து மேலே ஏறும். ஏழாவது சீட்டு கேட்பவரின் மனநிலை, எட்டாவது வீடும் சுற்றமும். இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிக்கும்போதுதான் பரப்பு பேசத் தொடங்குகிறது. ஏழில் கண்ணைக் கட்டிக்கொண்டு இரு வாள்களை ஏந்திய பெண், எட்டில் மாலை கட்டிய நான்கு கழிகளின் கொண்டாட்டம் என்றால், வீட்டார் தயாராக இருக்கிறார்கள், தயங்குவது அவரேதான். இரண்டாவது இடத்து இறுக்கமும் இதையே சொல்கிறது.

ஒன்பதாவது இடத்துக்கு ஆசையும் பயமும் சேர்ந்தே பொருள். தெளிவில்லாத வழியைக் காட்டும் ‘மூன்’ சீட்டு அங்கே வந்தால், எது ஆசை, எது பயம் என்று கேட்பவரிடமே விசாரிப்பது நல்லது.

பத்தாவது, இவை எல்லாம் சென்று முடியும் இடம். அதை மட்டும் பார்த்துப் பலன் சொல்வது பெரிய பிழை. முந்தைய ஒன்பதோடும் அது ஒட்ட வேண்டும். ராஜா, ராணி, குதிரைவீரன், ஏவலன் ஆகியோரில் ஒருவர் வந்தால், அவர் குறிக்கும் ஆளின் கையில் முடிவு இருப்பதாக வெயிட் கொள்கிறார். இங்கே ‘பேஜ் ஆஃப் பென்டகிள்ஸ்’ என்ற இளம் ஏவலன் வந்தால், அந்தப் பெண்ணே கற்றுக்குட்டியாகச் சிறிய அளவில் தொடங்குவார் என்று படிக்கலாம். பத்தாவது சீட்டு தெளிவு தராவிட்டால், அதையே நடுவில் வைத்து மறுபடியும் பரப்பச் சொல்கிறார் அவர்.

கலைத்த கட்டில் எந்தச் சீட்டு எங்கே வரும் என்பது தற்செயலே. அது எதிர்காலத்தை அறிவிக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. தன் நிலைமையைப் பத்துக் கோணங்களில் பிரித்துப் பார்க்க இம்முறை உதவும். நோய்க்கும் வழக்குக்கும் கடனுக்கும் மருத்துவரையும் வழக்கறிஞரையும் வங்கியையும்தான் கேட்க வேண்டும்.