4.87 என்று மட்டும் எழுதாதீர்கள்

கால் டாக்சி ஓட்டும் ஒருவர், ஐ.டி. கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி டிராவல்ஸ்காரரிடம் கொடுக்கிறார். முதல் வரி: 'ரேட்டிங் 4.87'.

இந்த எண்ணை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியாது. ஊபரில் இது கடைசியாக ஸ்டார் கிடைத்த 500 ட்ரிப்புகளின் சராசரி. 500 பேரும் ஐந்து ஸ்டார் போட்டால் 2,500. 4.87 என்றால் 2,435. அதாவது 65 ஸ்டார் குறைவு. 65 பேர் ஆளுக்கு ஒரு ஸ்டார் குறைத்து நான்கு போட்டிருக்கலாம். அல்லது 16 பேர் கோபத்தில் ஒற்றை ஸ்டார் போட்டு, இன்னொருவர் நான்கு போட்டிருக்கலாம். சராசரி ஒன்றுதான், ஆனால் முதல் ஓட்டுநரை நான் நம்பி ஏறுவேன், இரண்டாமவரிடம் காரணம் கேட்பேன். அதனால் எத்தனை பேர் எத்தனை ஸ்டார் போட்டார்கள் என்பதையும், எந்தத் தேதி நிலவரம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். புதியவருக்கு இது இன்னும் முக்கியம். 20 ட்ரிப்பில் ஒரே ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டாலே ரேட்டிங் 4.8 ஆகிவிடும்.

'நேரம் தவறமாட்டேன்' என்பதற்கும் கணக்கு உண்டு. '1,250 ட்ரிப் ஏற்றேன், நானே கேன்சல் செய்தது 25' என்று எழுதினால் அது இரண்டு சதவீதம் என்பது புரிந்துவிடும். ஷிப்ட் வண்டிக்கு ஆள் தேடுபவருக்கு விடியற்காலைதான் கவலை. நான்கு மணி பிக்கப் எத்தனை எடுத்தீர்கள் என்று ட்ரிப் பட்டியலிலிருந்து எண்ணிச் சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

பாதுகாப்பில்தான் வெறும் வாய்ச்சொல் அதிகம். 'விபத்தே இல்லை' என்பதை யார் சரிபார்ப்பது? இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் அபராதங்கள் தெரியும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு இணைக்கலாம். சிக்னல் மீறியதாக ஒரு பழைய சலான் இருந்தால் மறைக்க வேண்டாம், கட்டிய ரசீதோடு சொல்லிவிடுங்கள். எப்படியும் தேடிப் பார்ப்பார்கள். வண்டி சொந்தமென்றால் இன்சூரன்ஸ் பாலிசியில் 'நோ க்ளெய்ம் போனஸ்' சதவீதம் இருக்கும். க்ளெய்ம் இல்லாமல் ஆண்டுகள் கூடக் கூட அதுவும் ஏறும். கைக்காசு போட்டுச் சரிசெய்த சின்ன இடிகள் அதில் வராதுதான். இருந்தாலும் வெளியார் ஒருவர் எழுதித் தந்த சான்று அது.

பயணிகளின் பாராட்டில் இரண்டு போதும், பெயரை மறைத்துவிட்டு. 'ராத்திரி அம்மாவைத் தனியாக அனுப்பினேன், வாசல் வரை பார்த்து விட்டார்' போன்ற ஒன்று, 'குட் டிரைவர்' பத்துக்குச் சமம்.

ஸ்கிரீன்ஷாட்டுகளை இன்றே எடுத்து வையுங்கள். ஐ.டி. முடக்கப்பட்டால் ஆப் திறக்காமல் போகலாம். ஐந்து வருட ஓட்டத்தின் கணக்கும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை, முதல் தேதியில், ஒரு படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளலாம்.