ஆன்டிபயோகிராம்: முதல் மருந்தை முடிவு செய்யும் அட்டவணையைப் படிப்பது எப்படி?

பாண்டுப்பில் ஒரு இளம்பெண்ணுக்கு சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே காய்ச்சல், முதுகின் ஒரு பக்கம் வலி என்று வைத்துக்கொள்வோம். கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு, மூன்று நாள் ஆகும். ஆனால் மருந்தை இன்றே தொடங்கியாக வேண்டும். டாக்டர் அப்போது பார்ப்பது ஆன்டிபயோகிராம் என்ற அட்டவணையை.

அதில் என்ன இருக்கும்?

மருத்துவமனை லேப் ஓராண்டில் கண்டறிந்த கிருமிகளின் பெயர்கள் வரிசையாக இடது பக்கம் இருக்கும். மேலே மருந்துகளின் பெயர்கள். கட்டத்துக்குள் இருப்பது, அந்தக் கிருமி எத்தனை சதவீதம் பேரிடம் அந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது என்ற கணக்கு. அதாவது எண் கூடினால் நல்லது. பலர் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள்.

சிறுநீர்த் தொற்றுக்கு முக்கியக் காரணமான ஈ.கோலை வரிசையைப் பார்ப்போம். உதாரணத்துக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 30, நைட்ரோஃப்யூரண்டாயின் 92, அமிகாசின் 90 என்று இருக்கிறது. 92-ஐயே எடுத்துவிடலாமா? கூடாது. நைட்ரோஃப்யூரண்டாயின் சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும். சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. காய்ச்சலும் முதுகுவலியும் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம் என்று காட்டுகின்றன. அதனால் சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதித்துவிட்டு, டாக்டர் அமிகாசின் ஊசியைத் தேர்வு செய்யலாம். கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் அதற்கேற்ப மருந்தை மாற்றுவார்.

போன வருஷம் 80, இந்த வருஷம் 70. பயப்படணுமா?

முதலில் எத்தனை நோயாளிகள் என்று பாருங்கள். 30 பேர்தான் என்றால், 24 பேர் 21 ஆகியிருக்கிறார்கள். வெறும் மூன்று பேர் வித்தியாசம், தற்செயலாகவே நடக்கலாம். 300 பேரில் 240 என்பது 210 ஆனால் அது கவனிக்க வேண்டிய சரிவு. 30 பேருக்குக் குறைவான வரிசையை நம்பக் கூடாது என்பதும், ஒரு நோயாளியின் முதல் சாம்பிளை மட்டுமே எண்ண வேண்டும் என்பதும் சர்வதேச விதி. ஐசியூவில் நீண்ட நாள் இருப்பவரின் பத்து சாம்பிளையும் எண்ணினால் சதவீதம் பொய்யாக இறங்கிவிடும்.

அளவுகோல் மாறினாலும் எண் இறங்கும். 2019-ல் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பு சிப்ரோஃப்ளாக்சசினுக்கான வரம்பைக் கடுமையாக்கியது. அதைப் பின்பற்றிய லேப்களில், கிருமி மாறாமலேயே சதவீதம் குறைந்திருக்கும்.

இந்தியாவில் நிலைமை என்ன?

ஐசிஎம்ஆர் கண்காணிப்பு வலையமைப்பின் 2021 அறிக்கைப்படி, தீவிரத் தொற்றுகளுக்குத் தரப்படும் இமிபெனெம் மருந்துக்கு ஈ.கோலை கட்டுப்படுவது 2016-ல் 86%, 2021-ல் 64%. ஐந்து ஆண்டில் 22 புள்ளிகள். பெரிய எண்ணிக்கையில் இவ்வளவு இறங்கியிருப்பதால் இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் இவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் எண்கள். வேறு இடத்தில் மருந்து பலிக்காமல் அங்கே போனவர்களும் இதில் இருப்பார்கள். அதனால் பாண்டுப் கிளினிக்குக்கு முதல்முறை வருபவருக்கு நிலைமை இதைவிட நன்றாகவே இருக்கலாம்.