பாப்பாவுக்கு ஒரு பாக்கிக் கடிதம்

வங்கியில் தவணை தவறினால் மறுநாளே குறுஞ்செய்தி வந்துவிடும். தங்கை தவணை தவறினால் அண்ணன் வீட்டில் அது பேச்சாகவே எழாது. சாப்பாட்டு நேரத்தில் அண்ணி மட்டும் லேசாக ஒரு வார்த்தை சொல்வார். மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் நடந்துகொள்வார்கள். கடனைவிட அந்த மௌனத்துக்குத்தான் வட்டி அதிகம் ஏறுகிறது.

இதைத் தவிர்க்க அண்ணன் ஒரு கடிதம் எழுதலாம். எப்படி எழுதுவது, எழுதினால் அதற்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்க்கலாம். கோவையில் ஒரு அண்ணன், ஈரோட்டில் ஒரு தங்கை என்று வைத்துக்கொள்வோம். 10.06.2023 அன்று தங்கை வீட்டு மாடி கட்ட அண்ணன் வங்கி வழியாக 3,00,000 ரூபாய் அனுப்பினார். வட்டி கிடையாது. 2024 ஜனவரி முதல் மாதந்தோறும் 10ஆம் தேதி 10,000 ரூபாய் வீதம் 30 தவணை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். 2024 டிசம்பர் வரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பன்னிரண்டு தவணையில் 1,20,000 வந்துவிட்டது. 2025 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் வரவில்லை.

அண்ணன் இப்படி எழுதலாம்:

“அன்புள்ள பாப்பாவுக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலம்தானே? மாடி வேலை முடிந்துவிட்டதாக அம்மா சொன்னார்கள், சந்தோஷம். 10.06.2023 அன்று கொடுத்த 3,00,000இல் நீ இதுவரை 1,20,000 தந்திருக்கிறாய். பாக்கி 1,80,000. இந்த வருஷம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தவணைகள் வரவில்லை. ஏதாவது சிரமம் இருந்தால் சொல். ஏப்ரல் 10 முதல் வழக்கம்போல் அனுப்ப ஆரம்பித்தால், விட்டுப்போன மூன்றையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். 2026 ஜூனில் முடிய வேண்டியது செப்டம்பரில் முடியும். இது உனக்குச் சரிப்படுமா என்று நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.”

சீரும் வீடும் பாகமும் இந்தக் கடிதத்துக்குள் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். “உன் கல்யாணத்துக்கு நான் செய்ததை நினைத்துப் பார்” என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், தங்கை பக்கத்திலிருந்து “அப்பா வீட்டில் என் பாகம் எங்கே?” என்று பதில் வரும். அதில் நியாயமும் இருக்கும். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் இந்துக் குடும்பத்து மகள்களுக்குச் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் 1989லேயே வந்துவிட்டது. கடன் ஒரு கணக்கு, பாகம் வேறு கணக்கு. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் எதுவும் தீராது.

கடிதத்தில் வேலை செய்யும் வரி கடைசி வரிதான். பணம் திரும்பக் கேட்டு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு கெடு வைத்திருக்கிறது. அந்த மூன்று ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். “கடைசியாகக் கேட்ட நாளிலிருந்து” என்று நினைப்பார்கள். அப்படியில்லை. திருப்பித் தரும் தேதி பேசாமல் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குக் கடன் கொடுத்த நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கிவிடும். நம் அண்ணன் தாளில் தவணை எழுதாமல் விட்டிருந்தால், 2026 ஜூன் மாதமே அவருக்குக் கெடு. தவணை எழுதியதால் ஒவ்வொரு தவணைக்கும் அதன் தேதியிலிருந்து தனித்தனியாக மூன்று ஆண்டு கிடைக்கிறது. 2025 ஜனவரி தவணைக்கு 2028 ஜனவரி வரை.

அண்ணன் எத்தனை கடிதம் எழுதினாலும் இந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் அதே கதைதான். கெடுவை நீட்டுவது தங்கையின் கையெழுத்து. கெடு முடிவதற்குள் “பாக்கி இருப்பது உண்மை” என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு எண்ணப்படும். தவணை எழுதாத கடனாகவே இருந்து, தங்கை 15.04.2025 அன்று பதில் எழுதியிருந்தால், கெடு 2026 ஜூனிலிருந்து 2028 ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. “பாக்கி இருக்கிறது, ஆனால் இப்போது தர முடியாது” என்று தங்கை எழுதினாலும் சட்டப்படி அது கடனை ஒப்புக்கொண்டதுதான். அண்ணனுக்கு எழுதாமல் அம்மாவுக்கு எழுதினாலும் செல்லும். கெடு முடிந்தபின் எழுதினால் மட்டும் ஒப்புக்கொண்டது போதாது. “தருகிறேன்” என்ற வாக்குறுதியும் எழுத்தில் இருந்தாக வேண்டும். ஒப்பந்தச் சட்டம் அத்தகைய வாக்குறுதியை ஏற்கிறது.

தங்கையிடம் வழக்குப் போடவா இவ்வளவும் என்று தோன்றலாம். பெரும்பாலான அண்ணன்கள் போடமாட்டார்கள். ஆனால் அண்ணன் திடீரென்று காலமானால் கணக்கைக் கையில் எடுப்பது அவர் மனைவியும் பிள்ளைகளும். அவர்களுக்கும் அத்தைக்கும் நடுவே கொடுத்தது கடனா, சீரா என்ற பேச்சு எழும்போது தேதியும் பாக்கியும் எழுதிய இரண்டு தாள்கள் இரு தரப்பையும் காப்பாற்றும். தங்கைக்கும் அதே பாதுகாப்புதான்: அவர் கட்டிய 1,20,000 அண்ணன் கையெழுத்திலேயே இருக்கிறதே.

பாக்கியை எப்படிக் கட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்துவிடலாம் என்று தங்கை நினைக்கக்கூடும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ பாக்கியுள்ள கடனை ரொக்கமாகத் திருப்பித் தர வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது. கட்டுவது பத்தாயிரம்தானே என்பது கணக்கில்லை, மொத்தப் பாக்கி எவ்வளவு என்பதே கணக்கு. ரொக்கமாகத் தந்த தொகைக்குச் சமமான அபராதம் கட்டியவர் மீது, அதாவது தங்கை மீது விழலாம். அண்ணன் தங்கை என்பதால் சட்டத்தில் தனி விலக்கு எழுதப்படவில்லை. கடன் வாங்கும்போதும் இதே வரம்புதான். அண்ணன் வங்கி வழியாக அனுப்பியதால் தங்கை அங்கே தப்பித்தார். வட்டி வாங்கியிருந்தால் அதை வருமானமாகக் காட்ட வேண்டியிருக்கும். வாங்காததால் அந்தப் பேச்சும் இல்லை.

தங்கையின் பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. “அண்ணா, ஜனவரியில் சின்னவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, சொல்லக் கூச்சமாக இருந்தது. பாக்கி 1,80,000 சரிதான். ஏப்ரல் 10 முதல் அனுப்புகிறேன், செப்டம்பர் கணக்கும் சரி. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்” என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டால் போதும். பிறகு ஒவ்வொரு மாதமும் அனுப்பும்போது வங்கிச் செயலியில் குறிப்பு எழுதும் இடத்தில் “ஏப்ரல் தவணை”, “மே தவணை” என்று தட்டிவிட வேண்டும். பதினெட்டாவது முறை அனுப்பியதும் அண்ணன் அந்தப் பழைய தாளில் “முழுதும் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதி, கையெழுத்திட்டுத் தங்கையிடமே கொடுத்துவிடலாம்.