கையில் இல்லாத டாட்டூவும் தோலின் பளபளப்பும்: பிப்ரவரி 20 விதி எதைப் பிடிக்கும், எதை விடும்?

கணினியால் மாற்றப்பட்ட படங்களுக்கு அடையாளக் குறி இட வேண்டும் என்ற திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் 2026 பிப்ரவரி 20 அன்று நடைமுறைக்கு வந்தன. அறிவிக்கை வெளியானது பிப்ரவரி 10. இடையில் இருந்த பத்து நாளில் வந்த வாசகர் கடிதங்களில் பலவும் முகமாற்றுப் படங்களைப் பற்றியவை அல்ல, கையைப் பற்றியவை. ரிசப்ஷனுக்காக மாப்பிள்ளை முன்கையில் ஒட்டிக்கொண்ட மயிலிறகு ஸ்டிக்கர் டாட்டூவைப் படத்தில் அழித்துத் தரும்படி பெண் வீட்டார் கேட்கிறார்கள், அதற்கும் குறி போட வேண்டுமா என்கிறார் கும்பகோணம் ஸ்டூடியோக்காரர் ஒருவர். தன் கையில் ஒரு நடிகர் பெயரைப் பச்சை குத்தியதுபோல் படம் செய்து போட்டால் குற்றமா என்கிறார் ஒரு கல்லூரி மாணவி.

விதியின் வரையறையைக் கூர்ந்து படித்தால், அது செயற்கை நுண்ணறிவை மட்டும் குறிவைக்கவில்லை. கணினி வழியாக உருவாக்கி அல்லது மாற்றி, உண்மையான ஆளையோ நிகழ்வையோ போலவே தோன்றச் செய்த எதுவும் அதில் அடங்கும். அதாவது மவுஸைப் பிடித்துப் பொறுமையாகச் செய்த வேலைக்கும் பொருந்தும். நல்லெண்ணத்துடன் செய்யும் வழக்கமான திருத்தம், நிறச் சீரமைப்பு, தரத்தைக் கூட்டுதல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் படத்தின் சாரம் மாறக்கூடாது. ‘சாரம்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விதி சொல்லவில்லை. மாப்பிள்ளை கையிலிருந்து மயிலிறகை எடுத்தால் திருமணத்தின் சாரம் மாறாது என்பது என் கருத்து. அதே மயிலிறகுக்குப் பதில் ஒரு கட்சியின் சின்னத்தை, கட்சி சாராத ஓர் அரசு ஊழியரின் கையில் வரைந்து, சட்டமன்றத் தேர்தல் நெருங்கும் நேரத்தில் பரப்பினால் சாரமே அதுதான். இரண்டையும் செய்யும் கைத்தொழில் ஒன்றே.

பெரிய சமூக ஊடக நிறுவனங்கள், அதாவது இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்கள் உள்ளவை, பதிவேற்றுபவரிடம் உறுதிமொழி கேட்பதோடு அதைத் தொழில்நுட்ப வழியில் சரிபார்க்கவும் வேண்டும் என்கிறது விதி. அந்தச் சரிபார்ப்பின் மேல்தான் எனக்கு ஐயம். கையில் ஒரு டாட்டூவை நம்பும்படி உட்கார வைப்பது எப்படி என்று பார்த்தால் அந்த ஐயத்தின் காரணம் புரியும்.

புதிதாகச் செய்கிறவர் டிசைனைக் கையின் மேல் ஒரு லேயராக வைத்து `Multiply` என்று மாற்றிவிடுவார். வெள்ளைப் பகுதி மறைந்துவிடும், மை தோலோடு கலந்ததுபோல் தெரியும். ஆனாலும் பார்த்தவுடன் ஏதோ இடிக்கும். எது இடிக்கிறது என்று பலருக்குச் சொல்லத் தெரியாது. தோலின் பளபளப்புதான்.

தோலில் படும் வெளிச்சம் இரண்டு வழியில் திரும்புகிறது. பெரும்பகுதி உள்ளே நுழைந்து, சிதறி, தோலின் நிறத்தைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. சிறு பகுதி உள்ளே போகாமல் எண்ணெய்ப் பசையுள்ள மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. அது தோலின் நிறத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஜன்னல் வெளிச்சம் வெள்ளை என்றால் வெள்ளையாகவே திரும்பும். மாநிறக் கையின் மேல் மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஓடும் வெளிறிய கோடு அதுதான். உண்மையான பச்சையில் மை மேல்தோலுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே அது முதல் வகை வெளிச்சத்தைத்தான் விழுங்கும். இரண்டாவது வகை மைக்கு மேலேயே தெறித்துப் போய்விடுகிறது.

எண்ணில் பார்ப்போம். பளபளக்கும் ஓரிடத்தில் மொத்த வெளிச்சம் 230 என்று வைத்துக்கொள்வோம். அதில் 150 உள்ளிருந்து வருவது, 80 மேற்பரப்பில் தெறிப்பது. மை ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் திருப்பித் தருகிறது. அப்படியானால் உள்ளிருந்து வருவது 30 ஆகக் குறையும், தெறிக்கும் 80 அப்படியே இருக்கும், மொத்தம் 110. `Multiply` இந்த இரண்டையும் பிரித்தறியாது. 230-ஐ மொத்தமாக ஐந்தால் வகுத்து 46 என்று வைக்கும். கேமரா கோப்பில் எண்கள் வேறு அளவையில் பதிவாகும் என்றாலும் இந்த இடைவெளி இருக்கவே செய்யும். கையின் மினுமினுப்புக் கோடு டாட்டூவின் விளிம்பு வரை வந்து, உள்ளே நுழைந்ததும் ஏறக்குறைய அணைந்து, மறுபக்கம் மீண்டும் எரிவதைத்தான் நம் கண் ‘இடிக்கிறது’ என்கிறது.

தேர்ந்தவர் இதைச் சரிசெய்யும் விதம் அழகானது. மூலப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்து நிறத்தை நீக்குகிறார். `Curves`-இல் சாதாரணத் தோலின் வெளிச்ச அளவு வரை எல்லாவற்றையும் கறுப்பாக்குகிறார். மிஞ்சுவது பளபளப்பு மட்டும். அதை டாட்டூ லேயருக்கு மேலே வைத்து `Linear Dodge (Add)` கொடுத்து, டாட்டூவின் எல்லைக்குள் மட்டும் தெரியும்படி மாஸ்க் இடுகிறார். அணைந்த கோடு மைக்கு மேலே திரும்ப ஓடத் தொடங்குகிறது. ஒட்டும் டாட்டூவாகத் தெரிய வேண்டும் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும்: அங்கே மை தோலுக்கு மேலே, ஒரு மெல்லிய படலத்தில் இருக்கிறது. படலத்துக்குத் தன் சொந்தப் பளபளப்பு உண்டு. டிசைனைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அளவு வெற்றுப் படலம் வெளிச்சத்தில் லேசாக மின்னும். மணிக்கட்டு மடிப்பில் அது நுண்ணிய விரிசலாக உடைந்திருக்கும்.

அந்த மாணவியின் கையையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்க ஜன்னல் வெளிச்சம், உள்ளங்கை மேல்நோக்கிய முன்கை, குறுக்கே ஒரு பெயர். முன்கை உருளை அல்ல. மணிக்கட்டு நோக்கிக் குறுகும் கூம்பு. கேமராவை நேராகப் பார்க்கும் நடுப்பகுதியில் எழுத்துகள் முழு அகலத்தில் இருக்கும். கை வளைந்து 60 பாகை திரும்பிய இடத்தில் அதே எழுத்து பாதி அகலமாகச் சுருங்க வேண்டும். இன்னும் தள்ளினால் ஒரு கீற்றாகி மறைய வேண்டும். `Warp` கட்டத்தின் ஓரக் கோடுகளை நெருக்கி இதைச் செய்வார்கள். கடைசி எழுத்துவரை முழுதாகப் படிக்கும்படி இருந்தால் அந்தப் படத்தைச் சந்தேகிக்கலாம். பெயர் முழுவதும் தெரிய வேண்டும் என்ற ஆசையில் வளைவை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

சிறு சுருக்கங்களுக்கு `Displace` என்ற வசதி உண்டு. கையின் கறுப்பு வெள்ளைப் பிரதியைக் கொடுத்தால், நடுத்தரச் சாம்பல் உள்ள இடத்தில் டிசைன் அசையாது. அதைவிடக் கறுத்த இடத்தில் ஒரு பக்கமும் வெளுத்த இடத்தில் எதிர்ப்பக்கமும் சிறிது நகரும். வெளிச்சத்தையே மேடுபள்ளமாக எடுத்துக்கொள்ளும் முறை இது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கையின் ஒரு பாதி நிழலில் இருப்பதால் அதைப் பள்ளம் என்று தவறாக எண்ணி டிசைனையே சாய்த்துவிடும். ஆகவே பெரிய வெளிச்ச ஏற்றத்தாழ்வை முதலில் நீக்கிவிட்டு, ரேகைகள் மட்டும் மிஞ்சிய பிரதியைக் கொடுப்பார்கள்.

அழிப்பது சேர்ப்பதைவிடக் கடினம். மையின் கீழே தோல் எப்படி இருந்தது என்ற தகவல் படத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மருதாணி என்றால் பெரும்பாலும் இருக்கிறது. அதன் செம்பழுப்பு நீல ஒளியை விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்புவதால், `Channels` பலகத்தில் `Blue`-ஐ மட்டும் பார்த்தால் கோலம் கரிக்கோடாகத் தெரியும். `Red`-இல் அது மங்கி, கீழே உள்ள ரேகைகளும் மயிரும் தெரியும். அந்தச் சிவப்பிலிருந்து தோலின் நயத்தை எடுத்து, வெளிச்சத்தைப் பக்கத்துத் தோலுக்குச் சமமாக இறக்கி, நிறத்தை மட்டும் `Color` லேயரில் பூசினால், அந்தக் கையின் சொந்தத் தோலே திரும்பி வருகிறது.

கறுப்பு ஸ்டிக்கர் மூன்று சானலிலும் கறுப்பு. எங்கிருந்தும் எதையும் மீட்க முடியாது. வேறிடத்துத் தோலைக் கொண்டுவந்து ஒட்டத்தான் வேண்டும். கும்பகோணத்து மாப்பிள்ளைக்கு முன்கையின் உட்புறத்தில் டாட்டூ. அங்கே மயிர் குறைவு, நரம்புக் கோடு உண்டு. வெளிப்புறத்திலிருந்து எடுத்து ஒட்டினால் மயிரடர்ந்த ஒரு திட்டு அங்கே முளைக்கும். அதே உட்புறத்திலேயே, வெளிச்சம் அதே கோணத்தில் படும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். வெளிச்சத்தையும் நயத்தையும் இரண்டு லேயராகப் பிரித்து வேலை செய்பவர்கள், மங்கிய லேயரை மட்டும் சரிசெய்துவிட்டு நின்றுவிடுவதும் உண்டு. நிறம் போய்விடும், டிசைனின் கூர்மையான விளிம்பு நய லேயரில் தங்கி, பழைய தழும்புபோல் நிழலாடும்.

இப்போது சரிபார்ப்புக்கு வருவோம். பளபளப்பு அணைவது, மயிர் பாதியில் அறுபடுவது, ஒரே மச்சம் இரண்டு இடத்தில் வருவது, கேமராவின் பொடிப்புள்ளி இரைச்சல் ஒரு திட்டில் மட்டும் காணாமல் போவது ஆகியவையே தடயங்கள். கடைசியாகச் சொன்னது நீல சானலில் நன்றாகத் தெரியும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒருமுறை போய்வந்தாலே படம் சுருக்கப்பட்டு அந்தப் புள்ளிகள் எல்லா இடத்திலும் கலைந்துவிடுகின்றன. கோப்போடு பொதிந்த விவரங்களும் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. மேலே சொன்ன இரண்டு மூன்று படிகளைத் தெரிந்து செய்தவர் மற்றத் தடயங்களை முன்பே மூடியிருப்பார். அவசரமாகச் செய்த மாணவி சிக்குவார். திட்டமிட்டுச் செய்த பொய்யர் தப்புவார். சரிபார்ப்பு நடக்கும் என்று அறிவிக்கை சொல்வதால் மட்டும் ‘குறி இல்லாத படம் உண்மைப் படம்’ என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. காணாமல் போனவர் அறிவிப்புகளில் பச்சை அடையாளம் எத்தனை முறை இடம்பெறுகிறது என்பதை நினைத்தால் இந்தக் கவலை சிறியதல்ல.

மற்றக் கேள்விகள்:

அச்சிட்ட ஆல்பத்துக்குக் குறி வேண்டுமா? வேண்டாம், இந்த விதிகள் இணையத் தளங்களுக்கானவை.

மாணவி என்ன செய்யலாம்? பதிவேற்றும்போது ‘மாற்றிய படம்’ என்று அறிவித்துவிடலாம்.

படத்தின் பத்தில் ஒரு பங்கை மறைக்கும் குறி கட்டாயமா? 2025 அக்டோபர் வரைவில் அப்படி இருந்தது. இறுதி விதியில் அந்த அளவு இல்லை.

ஆயுதக் காவல் படைத் தேர்வுக்கு அனுப்பும் படத்தில் டாட்டூவை அழிக்கலாமா? பயனில்லை, மருத்துவப் பரிசோதனையில் கையையே பார்ப்பார்கள்.

ஸ்டூடியோக்காரர் மூலக் கோப்பை வைத்திருக்க வேண்டுமா? என் பரிந்துரை, ஆம்: யாராவது கேட்டால் மாப்பிள்ளை கையில் மயிலிறகு இருந்ததைக் காட்ட அது ஒன்றே சான்று.