ஒரே மணப்பெண், ஆல்பத்தில் நான்கு நிறம்: சரிசெய்வது எப்படி?

கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் உறவினர்கள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார்கள். நலங்குப் படத்தில் பெண்ணின் முகம் ஆரஞ்சுப் பழம் போல் இருக்கிறது. ஆலயத்தில் எடுத்த படத்தில் பச்சை கலந்த சாம்பல் நிறம். மண்டபத்து மேடையில் ஊதா. வாசலில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பளீரென்ற வெளுப்பு. "இது நம்ம பொண்ணுதானா?" என்று பாட்டி கேட்டுவிடுகிறார்.

கேமரா பொய் சொல்லவில்லை. அன்று அந்தந்த இடத்தில் இருந்த வெளிச்சத்தை அது அப்படியே பதிவு செய்திருக்கிறது. நம் கண் வேறு விதமாக வேலை செய்கிறது. மஞ்சள் பல்புக்குக் கீழே நின்றாலும் வெயிலில் நின்றாலும் அப்பாவின் வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. வெளிச்சத்தின் நிறத்தை மூளை கழித்துவிட்டுப் பார்ப்பதே காரணம். கேமராவுக்கு நாம்தான் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆல்பம் தயாரிப்பவர் அதைச் செய்யாமல் விட்டால் ஒரே பெண் நான்கு பெண்களாகத் தெரிவார்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். பழைய மஞ்சள் பல்பு சுமார் 2800 கெல்வின், நண்பகல் வெயில் சுமார் 5500, மர நிழல் 7000-க்கு மேல். எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும், கூடக் கூட நீலமாகும்.

நிபோங் திபால் அருகே பைராம் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்கு முன் வீட்டுக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நலங்கு. பிறகு வாசலில் போட்ட கூடாரத்தில் உறவினர்களோடு படங்கள். பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கு வந்து ஆலயத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே தாலி கட்டு. மாலையில் மண்டபத்தில் வண்ண எல்.இ.டி. விளக்குகளோடு வரவேற்பு. நான்கு இடம், நான்கு வெளிச்சம். படங்கள் ஆயிரத்தைத் தாண்டும்.

இங்கே பலர் படங்களை நேர வரிசைப்படி ஒவ்வொன்றாகத் திருத்தப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் முந்நூறாவது படத்துக்கு வரும்போது கண் களைத்து, முதல் படத்தின் நிறமே மறந்துவிடும். முதலில் படங்களை வெளிச்சம் வாரியாகப் பிரிக்க வேண்டும். பல்பு ஒரு கட்டு, கூடாரம் ஒரு கட்டு, டியூப் லைட் ஒரு கட்டு, மேடை ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் ஒரு படத்தைச் சரியாகத் திருத்தி, அதே திருத்தத்தை மற்றவற்றுக்கு Sync செய்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கேமராவில் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டு எடுத்திருந்தால் இது கொஞ்சம் சிரமம். சிவப்புக் கூறைப்புடவை சட்டத்தை நிறைக்கும்போது ஒரு நிறம், பின்சுவர் தெரியும்போது இன்னொரு நிறம் என்று கேமரா படத்துக்குப் படம் மாற்றிக்கொண்டே போயிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் அதை ஒரு முறை பூட்டி வைத்து, RAW கோப்பாக எடுப்பவரின் படங்கள்தான் பின்னால் எளிதில் திருந்தும்.

அடுத்து, எல்லாக் கட்டுகளுக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் படம் வேண்டும். அழகான படத்தை அல்ல, நடுநிலையான வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிர் மேகம் மூடிய வானத்தின் கீழ், திறந்த வாசலில், முகத்தில் நேர் வெயில் விழாமல் எடுத்த படம் நல்லது. கூடாரத்துக்குள் எடுத்தது ஆகாது. நீலத் துணியோ ரோஸ் துணியோ வழியாக வடிந்து வரும் வெளிச்சம் அந்தத் துணியின் நிறத்தை முகத்தில் பூசிவிடும்.

அந்த அளவுகோல் படத்தை லைட்ரூமில் திறந்து, பெண்ணின் கன்னத்தின் மேல் சுட்டியை வைத்தால் R, G, B என்று மூன்று எண்கள் தெரியும். இந்தப் பெண்ணுக்கு R 60, G 45, B 35 என்று வருகிறது என்று கொள்வோம். சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் குறைவு. மாநிறமோ கறுப்போ வெளுப்போ, நடுநிலை வெளிச்சத்தில் மனிதத் தோலுக்கு இந்த வரிசை மாறாது. தோலில் உள்ள மெலனினும் இரத்தமும் நீலத்தை அதிகம் விழுங்கிவிடுவதே காரணம். எண்ணைப் பார்க்கும் இடமும் முக்கியம். வியர்வை மின்னும் நெற்றி, புடவையின் சிவப்பு எதிரொளிக்கும் தாடையின் அடி, ரூஜ் தடவிய மேடு மூன்றையும் தவிர்த்துக் கன்னத்தின் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்.

இப்போது ஆலயப் படத்துக்குப் போவோம். அதே கன்னத்தில் R 50, G 48, B 29 என்று இருக்கிறது. பச்சை ஏறிச் சிவப்பை ஒட்டி நிற்கிறது. டியூப் லைட்டின் வழக்கமான கோளாறு இது. பலர் இங்கே Temp என்ற பட்டையை நகர்த்தி மஞ்சளாக்கிப் பார்க்கிறார்கள், முகம் இன்னும் மோசமாகிறது. நகர்த்த வேண்டியது அதன் கீழே உள்ள Tint. மஜந்தா பக்கம் மெல்லத் தள்ளத் தள்ளப் பச்சை இறங்கும். R 52, G 39, B 30 அளவுக்கு வந்ததும் நிறுத்தலாம். 60-45-35, 52-39-30 இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றே. அதாவது நிறம் சேர்ந்துவிட்டது, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் குறைவு. அதை Exposure பட்டையால் சற்று ஏற்றிக்கொள்ளலாம். நிறத்தை முதலில், வெளிச்சத்தைப் பிறகு என்ற இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும்.

நலங்குப் படத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கன்னத்தில் நீலம் மிகக் குறைந்து முகம் ஆரஞ்சாக இருப்பதற்குப் பல்பும் காரணம், பூசிய மஞ்சளும் காரணம். பல்பின் மஞ்சளை எடுக்க வேண்டும், சடங்கின் மஞ்சளை எடுக்கக் கூடாது. எனவே இங்கே கன்னத்து எண்ணை நம்பாமல், அதே வெளிச்சத்தில் இருக்கும் நிறமற்ற பொருள் ஒன்றைப் பார்க்க வேண்டும். சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்திருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் வெள்ளிக் கிண்ணமோ வெள்ளைச் சுவரோ ஓரளவு உதவும். புது வேட்டியை முழுதாக நம்ப முடியாது. அதில் கலந்திருக்கும் வெண்மையூட்டி பகல் வெளிச்சத்திலும் ஃபிளாஷிலும் நீலம் அடிக்கும். மல்லிகையும் சுத்த வெள்ளை அல்ல, இளம் மஞ்சள் கலந்தது. அந்தப் பொருளில் மூன்று எண்களும் ஏறக்குறைய சமமாகும் வரை Temp பட்டையை இறக்கினால் பல்பின் நிறம் போய், மஞ்சள் பூசிய முகம் மட்டும் மிஞ்சும்.

இன்னொரு சிக்கல், கதவோரம் உட்கார்ந்திருக்கும் பெண். ஒரு கன்னத்தில் பல்பின் மஞ்சள், மறு கன்னத்தில் விடியலின் நீலம். ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது. முகத்தின் பெரும்பகுதியில் விழும் வெளிச்சத்துக்குத் திருத்திவிட்டு, மற்றப் பகுதியைத் தூரிகையால் மறைத்துத் தனியாகக் கொஞ்சம் இதமாக்கலாம். முழுவதும் ஒன்றாக்கப் பார்த்தால் முகம் தட்டையாகிவிடும்.

மேடைப் படங்கள்தான் எல்லை. ஆழ்ந்த நீல எல்.இ.டி. வெளிச்சத்தில் சிவப்பு கிட்டத்தட்ட இல்லை. விழாத சிவப்பைத் தோல் திருப்பி அனுப்ப முடியாது. பதிவாகாததை எந்த மென்பொருளும் திருத்தத்தால் மீட்காது. கட்டாயப்படுத்தி ஏற்றினால் முகம் முழுக்கப் புள்ளியும் திட்டும்தான் வரும். இவற்றில் நல்ல படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கலாம், அல்லது வண்ணத்தோடே தனிப் பக்கத்தில் வைக்கலாம். சாதாரண வெளிச்சப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் மட்டுமே அவை உறுத்தும். இதற்கு நிஜத் தீர்வு அன்றைய மாலையிலேயே இருக்கிறது. குடும்பப் படம் எடுக்கும் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் முன்விளக்கை வெள்ளையில் வைக்கும்படி விளக்குக்காரரிடம் சொன்னால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி எஞ்சுகிறது. எல்லாப் படங்களையும் எந்த நிறத்தோடு சேர்ப்பது? "வெளுப்பா இருக்கிற படத்தை வச்சு எல்லாத்தையும் மாத்திடுங்க" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். ஃபிளாஷ் அதிகமாகி வெளுத்த படம் அந்தப் பெண்ணின் நிறம் அல்ல, அது ஒரு பிழை. பிழையை அளவுகோலாக வைத்தால் புடவையின் சரிகை வெளிறும், கழுத்தும் கையும் முகத்தோடு ஒட்டாது, பக்கத்தில் நிற்கும் அம்மாவும் தங்கையும் வேறு குடும்பத்தார் போலத் தெரிவார்கள்.

அளவுகோல் யாருடைய தோல் என்பது புகைப்பட உலகில் பழைய விவகாரம். வண்ணப் படம் கழுவும் கடைகளுக்கு கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அதை ஷெர்லி அட்டை என்று அழைத்தார்கள். அவர் முகம் சரியாக வரும்படி இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டு மற்ற எல்லோரையும் அதே கணக்கில் அச்சிட்டார்கள். கறுத்த முகங்களின் நுணுக்கம் தொலைந்ததற்கு அது ஒரு காரணம். 1990-களின் நடுவில்தான் வெவ்வேறு நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை கோடாக்கிலிருந்து வந்தது. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதை விரிவாக எழுதினார். இன்று அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையிலேயே இருக்கிறது.

கடைசியாக அச்சு. திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துத் திருத்தினால் அச்சில் முகம் இருண்டுவிடும். கைப்பேசியில் இரவு நேர மஞ்சள் திரை ஓடிக்கொண்டிருந்தால் அதில் பார்த்துச் சொல்லும் சம்மதமும் தவறாகும். ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பும் முன், நான்கு இடத்துப் படங்களிலிருந்தும் பெண்ணின் முகத்தை வெட்டி ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்து, அதே கடையில் ஒரு சிறிய பிரதி போட்டுத் தரச் சொல்லுங்கள். செலவு மிகக் குறைவு. அதைப் பகலில் ஜன்னல் ஓரமாக, பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். நான்கு முகமும் அவரோடு ஒத்துப்போனால் ஆல்பத்தை அச்சிடச் சொல்லலாம்.