மார்ச் 31க்குப் பிறகு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில் அமைந்துள்ள முண்டியம்பாக்கம், சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட ஊர். சர்க்கரை ஆலைகளில் நிதியாண்டு முடியும் மார்ச் 31 அன்று கிடங்குகளில் மூட்டைகள் அடுக்கடுக்காக இருப்பது இயல்பு. அந்நாளின் நிலையைக் காட்டுவதே இருப்புநிலைக் குறிப்பு. ஆயினும் அது அன்றே எழுதி முடிக்கப்படுவதில்லை. கணக்குகளைத் தொகுத்து, தணிக்கை செய்து, இயக்குநர் குழு ஒப்புதல் அளிப்பதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் கழிந்துவிடும். அந்த இடைவெளியில் விலை சரியலாம், வாடிக்கையாளர் நொடித்துப் போகலாம், வெள்ளம் வரலாம். இவற்றுள் எதனைக் கணக்கில் ஏற்றுவது, எதனைக் குறிப்பாக மட்டும் தெரிவிப்பது?

கணக்கியல் தரநிலை 4, இந்தியக் கணக்கியல் தரநிலை 10 ஆகிய இரண்டும் இதற்கு ஒரே அளவுகோலைத் தருகின்றன. பின்னர் நிகழ்ந்தது, மார்ச் 31 அன்றே இருந்த ஒரு நிலைமைக்குச் சான்றாக அமைந்தால் கணக்கின் தொகைகளைத் திருத்த வேண்டும். அந்நாளுக்குப் பின்னரே தோன்றிய புதிய நிலைமையாயின் தொகைகளைத் தொடக்கூடாது; அது பெரிய அளவினதாக இருந்தால் வெளியிட வேண்டும். சொல்வதற்கு எளிதான இவ்விதி, 2018ஆம் ஆண்டில் சர்க்கரைத் தொழிலில் எவ்வாறு சோதிக்கப்பட்டிருக்கும் என்பதைக் காண்போம்.

2017-18 பருவத்தில் இந்தியாவின் சர்க்கரை உற்பத்தி 300 இலட்சம் டன்னைத் தாண்டியது. தேவையை விஞ்சிய சரக்கு சந்தையில் குவிந்து விலை இறங்கியது. கற்பனையாக ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 31 அன்று அதன் கிடங்கில் 1,000 டன் சர்க்கரை உள்ளது. அடக்கவிலை கிலோவுக்கு ரூ.32, ஆகவே மொத்தம் ரூ.3.20 கோடி. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதில் 600 டன் கிலோவுக்கு ரூ.28 வீதம் விற்கப்படுகிறது. சரக்கிருப்பை அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை ஆகிய இரண்டில் குறைந்ததற்கே மதிப்பிட வேண்டும். அளவுக்கு மிஞ்சிய இருப்பு என்னும் நிலைமை மார்ச் 31க்கு முன்பே இருந்தது. ஏப்ரல் விற்பனை அதனை வெளிப்படுத்தியதே தவிர உண்டாக்கவில்லை. எனவே விற்ற சரக்கு மட்டுமன்றி, எஞ்சிய 400 டன்னும் ரூ.28 வீதமே மதிப்பிடப்படும். இருப்பு ரூ.2.80 கோடியாகக் குறைந்து, ரூ.40 இலட்சம் 2017-18ஆம் ஆண்டின் நட்டமாகிறது.

இனித்தான் சிக்கல். 2018 ஜூன் 7 அன்று மத்திய அரசு, சர்க்கரை விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் வழியாக ஆலைகளின் குறைந்தபட்ச விற்பனை விலையைக் கிலோவுக்கு ரூ.29 என நிர்ணயித்தது. அந்த ஆலையின் கணக்குகள் ஜூன் 15 அன்று ஒப்புதலுக்கு வருவதாகக் கொள்வோம். எஞ்சிய 400 டன்னை ரூ.29க்குக் குறைவாக இனி விற்கவே முடியாது. ஆகவே அதனை ரூ.29 வீதம் காட்டினால் நட்டம் ரூ.4 இலட்சம் குறையுமே என்று மேலாளர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். ஆனால் மார்ச் 31 அன்று அத்தகைய விலைத் தளம் எதுவும் இல்லை. அரசாணை பிறந்ததால் உண்டான புதிய நிலைமை அது. ஆகவே தொகை ரூ.28 வீதமே நிற்கும். ஆணையின் விளைவு குறிப்பில் இடம்பெறும். கிடைத்த செய்தி நல்லதா கெட்டதா என்பதை இவ்விதி பார்ப்பதில்லை.

கடனாளிகள் நேர்வில் இது இன்னும் தெளிவாகும். மார்ச் 31 அன்று ரூ.10 இலட்சம் தர வேண்டிய மொத்த வணிகர் ஏப்ரலில் நொடித்துப் போனார் எனில், அவர் நலிந்திருந்தது முன்பிருந்தே எனக் கருதி வாராக்கடன் ஒதுக்கு உருவாக்கப்படுகிறது. மாறாக, நல்ல நிலையிலிருந்த வணிகரின் கடை ஏப்ரலில் தீக்கிரையானதால் அவர் நொடித்தார் எனில் தொகையில் மாற்றமில்லை. இரண்டிலும் பணம் வரப்போவதில்லை. வேறுபடுவது காரணம் தோன்றிய நாள். ஆகவே தணிக்கையாளர், நொடிப்புச் செய்தியோடு நிற்காமல், அவ்வணிகர் பிப்ரவரியிலேயே தவணை தவறினாரா, அவருடைய காசோலை திரும்பியதா என்று பழைய ஏடுகளைப் புரட்டுவார்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு அது ஆண்டினுள் நிகழ்ந்த நட்டம். நேரே செலவுக் கணக்கிற்குச் செல்லும். முற்காலத்தில் பல ஆலைகள் கரும்புப் பருவத்தையொட்டிச் செப்டம்பர் 30 அன்று கணக்கை முடித்தன. அம்முறை நீடித்து, ஒப்புதலும் டிசம்பரில் நடந்திருந்தால், நனைந்த மூட்டைகள் அனைத்தும் செப்டம்பர் 30 அன்று உலர்ந்தே இருந்தவை என்பதால் இருப்பின் மதிப்பு குறைக்கப்படாது. வெள்ளத்தின் தன்மையும் மதிப்பிடப்பட்ட நட்டமும் குறிப்பில் மட்டுமே வரும். ஒரு விலக்கு உண்டு: ஆலை மீண்டும் இயங்கவே இயலாது என்னும் அளவுக்கு அழிவு நேர்ந்தால், நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்ற அடிப்படையே தகர்ந்துவிடுகிறது. அப்போது குறிப்பு போதாது. அந்த அடிப்படையைக் கைவிட்டு முழுக்கணக்கையும் வேறு முறையில் தயாரிக்க வேண்டும்.